ஓமலூரான் உள்ளே வர 51 நிமிஷம்

மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று ஆசிரியர் குழு நண்பர்கள் கேட்டபோது, "எனக்குக் கவிதையும் வராது, காதலும் வராது, கவுண்டர் ஸ்ட்ரைக் மட்டும்தான் வரும்" என்றேன். "சரி, அதையே எழுது" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இதைப் படித்துவிட்டு யாராவது திட்டினால் அவர்களையே திட்டுங்கள்.

நம் ஹாஸ்டலில் ராத்திரி 10 மணிக்கு மேல் ஓடும் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 ஜாம்பி சர்வரைப் பற்றித் தெரியாதவர்கள் முதலாமாண்டுப் பிள்ளைகளாக மட்டும்தான் இருக்க முடியும். மெக்கானிக்கல் சீனியர் அண்ணன் ஒருவர் மாத வாடகைக்கு ஒரு மெஷின் எடுத்து நடத்துகிறார். சாதாரண விளையாட்டில் இல்லாத ஜாம்பி உருவங்கள், சைரன் சத்தம், புதுப்புது மேப் எல்லாம் அதில் உண்டு. அண்ணன் ஒவ்வொன்றாகத் தேடித்தேடிச் சேர்த்தவை. மெஸ் சாம்பாரில் கூட அவ்வளவு அயிட்டம் கிடையாது.

எங்கள் அறையில் இருந்த ஓமலூர் நண்பனை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், நாலாவது செமஸ்டரோடு படிப்பை நிறுத்திவிட்டு கடையைப் பார்க்கப் போய்விட்டான். கடை சாத்திவிட்டு வந்து, ஒரு பழைய லேப்டாப்பில் மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு எங்களோடு விளையாட வேண்டும் என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. ஆனால் அவனால் ஒரு நாளும் உள்ளே வரவே முடியவில்லை. திரையில் Verifying and downloading resources என்று வந்து, பட்டை நகர்வேனா என்று நிற்கும். பத்து நாள் பார்த்துவிட்டு ஒரு ராத்திரி போன் பண்ணினான். "மாப்ள, என்னச் சேத்துக்க இஷ்டமில்லன்னா நேரா சொல்லிடுங்கடா. வெளியில நிக்க வெக்காதீங்க" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை, குரலில் தெரிந்தது.

எங்களுக்குப் புரியவே இல்லை. ஹாஸ்டலில் ஒருவனுக்குக்கூட இந்தக் கோளாறு கிடையாது. அண்ணன், "அவன் நெட்டு சரியில்லப்பா" என்று முடித்துவிட்டார். ஆனால் அதே ஹாட்ஸ்பாட்டில் அவன் சினிமா பார்க்கிறான், விநாடிக்கு 500 கேபி தாராளமாக இறங்குகிறது. யோசித்துப் பார்த்தால் ஹாஸ்டலில் யாருமே அந்த ஃபைல்களை சர்வரிலிருந்து இறக்கியதே கிடையாது! ஒரு பென் டிரைவில் cstrike ஃபோல்டர் அறை அறையாகச் சுற்றி வந்தது, எல்லோரும் அதைக் காப்பி அடித்தவர்கள்தான். (காப்பி அடிப்பதில் நம் ஹாஸ்டலுக்கு உள்ள திறமை பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம்.) உள்ளே இருப்பவனுக்கு வாசலில் என்ன நடக்கிறது என்று தெரிய வழியே இல்லை.

ஒருவன் சேரும்போது என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சர்வர் முதலில் ஒரு பட்டியல் அனுப்பும்: இந்த மேப், இந்த மாடல், இந்தச் சத்தம் எல்லாம் வேண்டும் என்று. உன் மெஷினில் எது இல்லையோ அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு ப்ளகினும் தான் பயன்படுத்தப் போகிற ஃபைல்களை plugin_precache என்ற இடத்தில் அந்தப் பட்டியலில் சேர்க்கிறது. அன்றைக்கு அந்த ஜாம்பி வருமோ வராதோ, அதெல்லாம் கணக்கில்லை. பட்டியலில் இருந்தால் இறக்கித்தான் ஆக வேண்டும். ஓமலூரான் மாதிரி எதுவுமே இல்லாமல் வருகிறவனுக்கு மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தேன். மேப் ஒன்று 18 எம்பி, சத்தங்கள் 17, மாடல்கள் 13. ஆக 48 எம்பி.

48 எம்பி எல்லாம் ஒரு சைஸா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வேறு ஏற்பாடு எதுவும் செய்யாவிட்டால் இந்த ஃபைல்கள் எல்லாம் விளையாட்டுத் தகவல் போகிற அதே குறுகிய பாதையில்தான் போகின்றன. அதிகபட்சம் 1024 பைட் துண்டாக வெட்டி, ஒரு துண்டு அனுப்பி, "வந்து சேர்ந்தது" என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த துண்டு. நெட்வொர்க்ஸ் பேப்பரில் ஸ்டாப் அண்ட் வெயிட் என்று இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்தோமே, அதேதான்! ஓமலூரிலிருந்து சர்வருக்கு பிங் 60 மில்லி செகண்ட். அப்படியானால் விநாடிக்குச் சுமார் 16 தடவைதான் போய் வர முடியும். தடவைக்கு ஒரு கேபி என்றால் விநாடிக்கு 16 கேபி. அவன் நெட் 500 கேபியாக இருந்தாலும் 5000 கேபியாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. லாரி பெரிசாக இருந்து என்ன பயன், ஒரு நடைக்கு ஒரு செங்கல்தான் ஏற்றுவேன் என்றால்?

கணக்குப் போட்டேன். 48 எம்பிக்கு 3072 விநாடி, அதாவது 51 நிமிஷம். கணக்கு சரியா என்று பார்க்க அவனை cstrike_downloads என்ற ஃபோல்டரைத் திறந்து வைக்கச் சொன்னேன். சர்வரிலிருந்து இறங்குவதெல்லாம் அதில்தான் விழும். பத்து நிமிஷத்தில் ஏறக்குறைய 9 எம்பி சேர்ந்திருந்தது. உங்கள் நண்பன் எவனுக்காவது இப்படி நேர்ந்தால் இதே சோதனையைச் செய்யுங்கள். நெட் வேகத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் விநாடிக்குப் பத்து இருபது கேபி என்று வந்தால் நெட் மேல் பழி போடாதீர்கள்.

சரி, 51 நிமிஷம் காத்திருந்தாவது வரலாமே? அங்கேதான் இன்னொரு வில்லங்கம். எங்கள் சர்வரில் 25 நிமிஷத்துக்கு ஒரு தடவை மேப் மாறும், மொத்தம் நாலு மேப் சுழற்சி. மேப் மாறினால் சேர்ந்துகொண்டிருப்பவனும் மறுபடி முதலிலிருந்து சேர வேண்டும். முழுசாக இறங்கின ஃபைல் தங்கும். பாதியில் நிற்கிற ஃபைல் போயே போச்சு. சின்னச் சின்னச் சத்தங்கள் எல்லாம் இரண்டு மூன்று நாளில் அவனுக்கு இறங்கிவிட்டன. 18 எம்பி மேப் ஒன்று மட்டுமே 19 நிமிஷம் பிடிக்கும். அவன் எப்போதும் நடுவில்தான் வருவான். மேப் பாதி இறங்கும்போது அடுத்த மேப் வந்துவிடும், அதுவும் பெரிசு. தினமும் ராத்திரி பாதிப் பாதி மேப்புகளாக இறக்கித் தொலைத்துக்கொண்டிருந்தான் என் நண்பன். டேட்டா போனதுதான் மிச்சம்.

இதற்கு மருந்து புதிதல்ல. ஃபைல்களை ஒரு வெப் சர்வரில் வைத்துவிட்டு, "அங்கே போய் எடுத்துக்கொள்" என்று கேம் சர்வரைச் சொல்ல வைக்க வேண்டும். வெப்பில் பதிலுக்குக் காத்திருக்காமல் பல பாக்கெட் ஒரே மூச்சில் வரும், நாம் படித்த ஸ்லைடிங் விண்டோ. அண்ணன் தன் ப்ராஜெக்டுக்காக வாங்கிய வெப் ஸ்பேஸ் சும்மாதான் கிடந்தது. அதில் cstrike என்று ஃபோல்டர் போட்டு, உள்ளே maps, models, sound எல்லாம் சர்வரில் உள்ள அதே அமைப்பில் ஏற்றினோம். server.cfg-இல் இரண்டு வரி:

```
sv_allowdownload 1
sv_downloadurl "http://203.0.113.10/cstrike"
```

முகவரி இடத்தில் உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். சோர்ஸ் என்ஜின் விளையாட்டுகளில் ஃபைலை bz2 ஆகச் சுருக்கி வைப்பார்கள். 1.6-க்கு அது செல்லாது, அப்படியே வைக்க வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி அவனை வரச் சொன்னோம். பட்டை ஓடியது பாருங்கள், கீழ்வீட்டுப் பிள்ளை சறுக்கு மரத்தில் வருகிற மாதிரி! ஆனால் கடைசியில் ஒரு இடத்தில் வந்து நின்று, மறுபடி நத்தை. அண்ணன் முகம் வாடிவிட்டது. வெப் சர்வரின் லாகைத் திறந்து பார்த்தோம்:

```
GET /cstrike/sound/zombie/siren.wav 404
```

ஃபைல் இருக்கிறதே என்றார் அண்ணன். இருந்தது, ஆனால் Siren.wav என்று பெரிய எழுத்தில். கேம் சர்வர் விண்டோஸ், அதற்கு இரண்டும் ஒன்று. வெப் ஸ்பேஸ் லினக்ஸ், அதற்கு அது வேறு இது வேறு. வெப்பில் இல்லை என்றால் விளையாட்டு பேசாமல் பழைய செங்கல் பாதைக்கே திரும்பிவிடுகிறது, யாரிடமும் சொல்லாது. வேகமாக ஓடி வந்து ஒரு ஃபைலில் மட்டும் தவழ்ந்தால் 404 தேடுங்கள்.

இந்த சைரனே ஒரு கதை. 40 விநாடி ஓடும். 44100 ஹெர்ட்ஸ் ஸ்டீரியோ, 7 எம்பி. இந்த விளையாட்டுக்கு 22050 ஹெர்ட்ஸ் மோனோ போதும். அப்படி மாற்றினால் சரியாக நாலில் ஒரு பங்கு, 1.8 எம்பிக்கும் குறைவு. "எஃபெக்ட் போயிடும்டா" என்று அண்ணன் ஒத்துக்கொள்ளவே இல்லை. "அண்ணே, எது எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று கண்ணை மூடச் சொல்லி ஹெட்போனில் இரண்டையும் போட்டுக் காட்டினேன். சின்னதைத்தான் ஒரிஜினல் என்றார். அதற்கு மேல் வாதம் இல்லை.

எல்லாச் சத்தத்தையும் அப்படி மாற்றியதில் 17 எம்பி 4 ஆனது. யாரும் எடுக்காத ஜாம்பிகளை, அவற்றின் ப்ளகினோடு சேர்த்து நீக்கியதில் மாடல்கள் 13-லிருந்து 6 ஆயின. மேப்பில் கை வைக்கவில்லை. மேப்பைத் திருத்திவிட்டு அதே பெயரில் வைத்தால், பழையது வைத்திருப்பவனை உன் மேப் வேறு என்று சொல்லி வெளியே தள்ளிவிடும். புதுப்பெயர்தான் வைக்க வேண்டும். சத்தத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. பென் டிரைவ் கோஷ்டி பழைய சைரனையே கேட்டுக்கொண்டிருக்கிறது, அவர்களுக்கு எதுவும் மறுபடி இறங்கவில்லை.

ஆக மொத்தம் 28 எம்பி. ஒன்று கவனிக்க வேண்டும்: குறைத்தது மட்டும் செய்து வெப்பில் வைக்காமல் விட்டிருந்தால் அப்போதும் 30 நிமிஷம் ஆகியிருக்கும், மேப் மாறும் 25 நிமிஷத்தைத் தாண்டியிருக்கும். மாறாக, குறைக்காமல் 48 எம்பியையும் வெப்பில் வைத்திருந்தாலே ஒன்றரை நிமிஷ வேலைதான். பெரிய வேலையைச் செய்தது அந்த இரண்டு வரிதான். குறைத்தது டேட்டாவுக்காக. புது மேப் ஒவ்வொன்றும் ஹாட்ஸ்பாட் பாக்கெட்டைக் கடிக்கும் என்பது எத்தனை வேகம் வந்தாலும் மாறாது.

சைரன் பெயரைத் திருத்திய மறுநாள், ஓமலூரானை cstrike_downloads ஃபோல்டரையே காலி செய்துவிட்டுப் புது ஆளாக வரச் சொன்னோம். ஒரு நிமிஷத்துக்குள் உள்ளே நின்றான். ஹாய் கூடச் சொல்லவில்லை. முதல் ரவுண்டிலேயே ஜாம்பி ஆகி, கதவோரம் நின்றிருந்த என்னைக் கடித்துவிட்டு, "பத்து நாள் வெளியில நிக்க வெச்சதுக்கு" என்று டைப் அடித்தான்.