ஷை என்பவர் யார்?

நெம்மேலியில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண், போன மாதம் இரண்டு கட்டுக் காகிதங்களோடு வந்தாள். ஒன்று 1974-ல் அவளுடைய பாட்டி, தன் மகளுக்கு எழுதிக்கொடுத்த செட்டில்மென்ட் பத்திரம். மற்றது அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டது. அங்கே தமிழ்ப் பத்திரத்தை ஆங்கிலத்தில்தான் படிப்பார்கள். "வக்கீல் கையெழுத்துக் கேட்கிறார் சார், ஒருமுறை பார்த்துக் கொடுங்களேன்" என்றாள்.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த எங்களுக்கு மொழிபெயர்ப்பு தினப்படிப் பாடம். தாய்மொழிக்குக் கொண்டுவருவது 'வெர்ஸியோன்', அயல்மொழிக்குக் கொண்டுபோவது 'தேம்'. தேம் சரிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மூலத்தை மூடி வைத்துவிட்டு, ஆங்கிலத்தை மட்டும் பார்த்து மறுபடி தமிழில் எழுத வேண்டும். பிறகு மூலத்தைத் திறந்து ஒப்பிட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால், மூலத்தில் இருப்பதை நம் கண்ணே ஆங்கிலத்தில் நிரப்பிக்கொள்ளும், பிசகு தெரியாது.

அப்படி எழுதியதும் முதலில் அகப்பட்டது நான்கெல்லை. ஆங்கிலப்படி மனைக்கு மேற்கே கடற்கரை, கிழக்கே ரோடு. நம் ஊரில் சூரியன் கடலில்தான் உதிக்கிறது. ரோடும் பக்கிங்காம் கால்வாயும் மேற்கே இருக்கின்றன. பத்திரத்தில் இருந்தது "கடற்கரைக்கு மேற்கு, ரோட்டுக்குக் கிழக்கு, இதற்குள்பட்ட மனை". கடற்கரைக்கு மேற்கு என்றால் மனை மேற்கே இருக்கிறது, அதன் கிழக்கு எல்லை கடற்கரை என்று பொருள். அந்தக் 'க்கு'வை விட்டுவிட்டதால் நாலு திசையும் புரண்டுவிட்டன. இப்போதைய பத்திரங்களில் "கிழக்கே: கடற்கரை" என்று நேராகவும் எழுதுகிறார்கள். ஆகவே வேற்றுமை உருபைப் பார்க்காமல் எல்லையைத் தொடக் கூடாது.

அடுத்தது சிரிப்பு வரவழைத்தது. ஆங்கிலத்தில் 'ஷை' என்று ஒரு ஆள் பெயர் பத்து இடத்தில் வந்தது. "ஷை சொத்து" என்பது "ஷை என்பவருடைய சொத்து" ஆகியிருந்தது. பழைய பத்திர எழுத்தர்கள் 'மேற்படி' என்பதற்குப் போடும் குறி அது. சிரித்தாலும், நீதிமன்றத்தில் இல்லாத ஒரு ஆளுக்குச் சொத்தில் பங்கு வந்துவிடும்.

ஆனால் வழக்கின் உயிர் மற்ற இரண்டு வரிகளில் இருந்தது.

"இன்று முதல் உனக்குப் பாத்தியம், என் ஆயுள் பரியந்தம் நான் அனுபவித்து வருவேன்" என்று பாட்டி எழுதியிருக்கிறாள். ஆங்கிலமோ "என் காலத்துக்குப் பிறகு சொத்து மகளுக்குப் போய்ச் சேரும்" என்றது. கேட்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் முதலாவதில் உரிமை அன்றே மகளுக்குப் போய்விட்டது, பாட்டியிடம் மிஞ்சியது அனுபவம் மட்டும். பிரெஞ்சுச் சட்டத்தில் இதற்கு 'யூசுஃப்ருயி' என்று தனிப் பெயரே உண்டு. இரண்டாவதோ உயிலின் பேச்சு. உயிலை உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். பாட்டி பிற்காலத்தில் மகன் பெயருக்கு ஓர் உயில் எழுதியிருக்கிறாள். தாய்மாமனின் வழக்கே அதன்மேல்தான் நிற்கிறது. தலைப்பில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பது முடிவானதல்ல, உரிமை உடனே மாறியதா என்பதே கேள்வி என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் நம்பூரி பசவ சுப்ரமணியம் வழக்கில் சொல்லியிருக்கிறது. அப்படியிருக்க 'இன்று முதல்' என்ற இரண்டு சொல் விடுபட்டால் என்ன மிஞ்சும்?

இன்னொன்று, "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது". மொழிபெயர்த்தவர் அகராதிப்படி "மகன்களும் மகன்வழிப் பேரன்களும்" என்று எழுதிவிட்டார். இவள் அம்மாவுக்கு ஆண்பிள்ளை கிடையாது, இவள் ஒருத்திதான். அந்த ஆங்கிலப்படி இவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அது பத்திர நடை. வாரிசுகளுக்கு இறங்கக்கூடிய முழு உரிமை என்பதுதான் அதன் பொருள். ஒரு வங்காள வழக்கில் இதே சொற்றொடர் வந்தபோது, இது ஆண்களோடு நின்றுவிடுவதில்லை என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1881-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எனவே சொற்களை அப்படியே தமிழ் ஒலியில் வைத்து, பக்கத்தில் 'பரம்பரையாக, முழு உரிமையுடன்' என்ற பொருளில் ஆங்கிலம் எழுதச் சொன்னேன். இரண்டும் இருந்தால் நீதிபதி தானே பார்த்துக்கொள்வார்.

திருத்தும்போது ஒன்றில் கவனமாக இருந்தேன். பாட்டியின் பத்திரத்தில் தெளிவில்லாத ஒரு வரி, கிணற்றுத் தண்ணீர் பற்றியது, இருந்தது. அதை நமக்குச் சாதகமாகத் தெளிவாக்கிவிடலாமே என்று அவள் கேட்டாள். "கூடாதும்மா, மூலம் மங்கலாக இருந்தால் ஆங்கிலமும் மங்கலாகத்தான் இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீலும் தமிழ் படித்தவர்தானே" என்றேன்.

மொழிபெயர்த்தவர் திருத்தங்களை ஏற்றுக்கொண்டு புதுப் பிரதியில் கையெழுத்திட்டுவிட்டார். வழக்கு இன்னும் நடக்கிறது. உங்கள் வீட்டுப் பத்திரம் எப்போதாவது ஆங்கிலமானால், முதலில் நான்கெல்லையைப் பாருங்கள். அதில் கடல் இடம் மாறியிருந்தால், மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிடாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.