பின்னால் சேர்த்த 1300

ராயபுரத்தில் துறைமுகச் சுவருக்கு எதிரே, கன்டெய்னர் லாரி வைத்து நடத்தும் ஓர் அலுவலகத்தில் 2023 ஜனவரியில் கணக்கு வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு முன் இருபது வருஷம் அந்த நாற்காலியில் இருந்தவர் ஓய்வு பெற்றிருந்தார். அவர் விட்டுப்போனதில் முக்கியமானது ஓர் எக்செல் ஃபைல். எந்த இடத்துக்கு ஒரு டிரெய்லர் போய்வர என்ன செலவாகும் என்று அது சொல்லும். முதலாளி அதன் மேல் லாபத்தை வைத்துப் பார்ட்டிக்கு ரேட் கொடுப்பார். அலுவலகத்தின் வரும்படி முழுக்க அந்த ஒரு ஷீட்டில்தான் நின்றது.

ஃபைலைத் திறந்ததும், இது வெளியே இருக்கும் வேறு ஃபைல்களோடு இணைந்திருக்கிறது, புதுப்பிக்கவா என்று கேட்கும். `Don't Update` அமுக்கும்மா என்று பக்கத்து நாற்காலியில் இருந்தவர் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். அப்படியே இரண்டு வாரம் ஓட்டினேன். ஒருநாள் `Update` அமுக்கிப் பார்த்தேன். சில இணைப்புகளை இப்போது புதுப்பிக்க முடியவில்லை என்றது. தொடரச் சொன்னதும் ஷீட் முன்பிருந்தபடியே நின்றது. எந்த செல்லிலும் பிழை இல்லை, சிவப்பு இல்லை. லிங்க் அறுந்தால் `#REF!` வந்து நிற்கும் என்று நினைத்திருந்தேன். மூல ஃபைல் காணாமல் போனாலும், கடைசியாகப் படித்த எண்ணை எக்செல் தன்னிடமே வைத்துக்கொண்டு அதையே தொடர்ந்து காட்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. செத்த லிங்க் உயிரோடிருப்பது போலவே இருக்கும். அதுதான் அதிலுள்ள ஆபத்து.

ஒரகடம் வரியின் செல்லில் நின்று மேலே ஃபார்முலா பட்டையைப் பார்த்தேன்.

```
=E9/3*'D:\RATES\[DIESEL.xls]Sheet1'!$B$4+850+1300
```

`E9` போய்வரும் தூரம், 120 கி.மீ. 3 என்பது லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்பது. நாற்பது லிட்டர் டீசல். 850 டிரைவர் பேட்டா என்று பேட்டா நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கடைசியில் நிற்கும் 1300 எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. `D:\RATES` என்று ஒரு ஃபோல்டர் எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை.

செத்த லிங்க் கடைசியாக என்ன எண்ணைப் படித்தது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. `.xlsx` ஃபைல் உள்ளுக்குள் ஒரு ஜிப் மூட்டைதான். ஒரு நகல் எடுத்து, பெயரின் வாலை `.zip` என்று மாற்றித் திறந்தால் `xl` ஃபோல்டருக்குள் `externalLinks` என்று ஒன்று இருக்கும். அதில் இருந்த முதல் ஃபைலை நோட்பேடில் திறந்தேன்.

```xml
<row r="4"><cell r="B4"><v>62.48</v></cell></row>
```

அறுபத்திரண்டு ரூபாய் நாற்பத்தெட்டு பைசா. நான் அதைப் பார்த்த நாளில் சென்னையில் டீசல் 94.24. மத்திய அரசு கலால் வரியைக் குறைத்த 2022 மே 22 முதல் அந்த விலைதான் நின்றுகொண்டிருந்தது. லிட்டருக்கு 31.76 குறைவாகக் கணக்குப் போட்டுக்கொண்டு ஓர் அலுவலகம் எப்படி மூடாமல் இருக்கிறது என்று எனக்கு நெஞ்சு படபடத்தது. முதலாளியிடம் ஓடவில்லை. நானே திருத்திவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். லிங்க்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 94.24 போட்டேன். ஒரகடம் 4649.20-லிருந்து 5919.60-க்குப் போனது. அன்று மாலையே அந்தக் கணக்கில் ஒரு ரேட் வெளியே போனது. மறுநாள் காலை பார்ட்டி போன் செய்து, நேற்று வரை கொடுத்த ரேட்டுக்கு இன்று என்ன வந்தது என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. முதலாளி பழைய ஃபைலையே எடுக்கச் சொன்னார்.

அன்று இரவு திருவொற்றியூர் வீட்டில் உட்கார்ந்து ஃபைலை முதலிலிருந்து பார்த்தேன். எக்செல்லில் `File`, `Options`, `Formulas` என்று போய் `R1C1 reference style` என்பதில் டிக் போட்டால், ஃபார்முலாவை வேறு விதமாக எழுதிக் காட்டும். `E9`, `E10` என்று ஒவ்வொரு வரியிலும் மாறுவதற்குப் பதில், எல்லா வரியிலும் "எனக்கு இடப்பக்கத்துச் செல்" என்ற பொருளில் `RC[-1]` என்றே இருக்கும். ஒரே ஃபார்முலாவை இழுத்து நிரப்பியிருந்தால் எல்லா வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு Ctrl-உடன் ` விசையை அமுக்கினால் விடைகள் மறைந்து ஃபார்முலாக்கள் தெரியும். நூற்றுச் சொச்சம் வரிகள் வரிசையாக நின்றன. தலை, நடு எல்லாம் ஒன்றே. வால் மட்டும் வேறு வேறு. ஒரகடத்துக்கு +1300, இருங்காட்டுக்கோட்டைக்கு +950, மணலிக்கு +300.

கணக்கில்லாமல் தட்டிய எண் என்றால் எங்கும் ஒரே எண்ணாக இருக்கும், அல்லது கன்னாபின்னாவென்று இருக்கும். இது இடத்துக்கு இடம் ஏறி இறங்கியது, அதுவும் தூரத்தோடு சேர்ந்து. அந்தந்த வரியின் லிட்டரால் வகுத்துப் பார்த்தேன். ஒரகடம், 40 லிட்டர், 32.50. இருங்காட்டுக்கோட்டை, 30 லிட்டர், 31.67. மணலி, 10 லிட்டர், 30. நோட்டில் அந்த மூன்று எண்ணையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, அவற்றின் கீழே 31.76 எழுதினேன். அவ்வளவுதான். லிங்க் விட்டுப்போன டீசல் விலை உயர்வை, தோராயமாக ஐம்பதின் மடங்காக்கி, ஒவ்வொரு வரிக்கும் எனக்கு முன் இருந்தவர் கையால் சேர்த்திருக்கிறார். சரியான டீசல் விலையோடு, 1300 இல்லாமல் ஒரகடத்துக்குப் போட்டால் 4619.60. பழைய ஃபைல் காட்டியது 4649.20. முப்பது ரூபாய்தான் வித்தியாசம். தவறான விலையும் புரியாத எண்ணும் சேர்ந்து சரியான விடையைக் கொடுத்துக்கொண்டிருந்தன. நான் ஒன்றை மட்டும் திருத்தியதால் டீசல் உயர்வை இரண்டு முறை சேர்த்துவிட்டேன்.

ஒரு வரி மட்டும் ஒத்துவரவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்திலிருந்து ஒரகடம். 52 லிட்டர், வாலில் +2150. வகுத்தால் 41 வந்தது. டீசல் பங்கான 1651-ஐக் கழித்தால் ஐந்நூறு ரூபாய் மீதி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலடிப்பேட்டையில் ஓய்வு பெற்ற அவர் வீட்டுக்குப் போனேன். காபி வந்தது. நோட்டைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"டீசல் ஃபைலு பழைய கம்ப்யூட்டரோட போச்சும்மா. அதத் திறக்கவே முடியல. மொதலாளி ரேட்டு கேட்டுகினு நிக்கிறாரு. ஃபார்முலாவுல கைய வச்சா எங்க உடையுமோன்னு பயம். பின்னால சேத்துட்டேன். வெல ஏற ஏற அந்தக் கடைசி நம்பர மட்டும் மாத்துவேன்."

"நூத்திச் சொச்சம் வரியையுமா அண்ணா?"

"ஒவ்வொண்ணா. ராத்திரி ஒக்காந்து."

டீசலுக்குத் தனி ஃபைல் வந்த கதையையும் சொன்னார். முன்பு எண்ணெய் நிறுவனங்கள் மாதத்தில் 1-ஆம் தேதியும் 16-ஆம் தேதியும் விலையை மாற்றும். அந்த இரண்டு நாளும் பங்க் பில்லைப் பார்த்து `DIESEL.xls`-இல் ஒரே ஒரு செல்லை மாற்றினால், அலுவலகத்தில் அதைப் பார்த்திருக்கும் எல்லா ஃபைலும் மாறிவிடும். 2017 ஜூன் 16 முதல் விலை தினமும் மாறத் தொடங்கியது. அந்த வருஷக் கடைசியில் கம்ப்யூட்டர் போனது. அவர் முதலில் கட்டியது நல்ல ஏற்பாடு. விலையை ஓரிடத்தில் வைத்து மற்றதெல்லாம் அதைப் பார்க்கச் செய்திருக்கிறார். அந்த ஓரிடம் ஒரே ஒரு மெஷினின் D டிரைவில் இருந்ததுதான் கோளாறு.

காட்டுப்பள்ளி ஐந்நூறைக் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "அங்க போற வண்டி அன்னிக்கே திரும்பாதும்மா. டிரைவர் ராவு அங்கயே படுப்பான். அவன் சோத்துக் காசு அது. எடுத்துறாத."

மறுநாள் பேட்டா நோட்டைப் புரட்டினேன். காட்டுப்பள்ளி டிரிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்னமும் இரவு பேட்டா 500 கொடுத்திருந்தது. கணக்குப் பார்க்காமல் எல்லா வாலையும் ஒரேயடியாக வெட்டியிருந்தால் அந்தக் காசு ரேட்டிலிருந்து போயிருக்கும். டிரைவர் சாப்பாட்டுக்கு முதலாளியோடு சண்டை போட வேண்டி வந்திருக்கும்.

அதன் பிறகுதான் ஃபைலில் கை வைத்தேன். முதலில் தேதி போட்டு ஒரு நகல். `Edit Links` பெட்டியில் `Break Link` என்று ஒரு பட்டன் இருக்கிறது. லிங்க் தொல்லை ஒழிந்துவிடும் என்று பலரும் அதைத்தான் அமுக்குவார்கள். அது லிங்க்கை மட்டும் எடுப்பதில்லை. லிங்க் இருக்கும் செல்லின் ஃபார்முலா முழுவதையும் அழித்து, அந்த நேரத்து விடையை எண்ணாகப் பதித்துவிடும். தூரம், பேட்டா, 1300 எல்லாம் 4649.20 என்ற ஒரே எண்ணுக்குள் புதைந்துபோகும், அதன் பிறகு வகுத்துப் பார்க்கவும் வழியில்லை. அதைத் தொடவில்லை. `விகிதம்` என்று புது ஷீட் போட்டேன். டீசல் விலை, லிட்டருக்குக் கி.மீ., பேட்டா மூன்றுக்கும் ஒவ்வொரு செல். பக்கத்தில் எந்தத் தேதியிலிருந்து, யார் சொன்னது என்று இரண்டு கட்டம். அந்த மூன்று செல்லுக்கும் பெயர் வைத்தேன். இரவு பேட்டாவுக்கு ரேட் ஷீட்டிலேயே தனி நெடுவரிசை.

```
=E9/KMPL*DIESEL+BATTA+G9
```

Ctrl+F-இல் `[` என்று கொடுத்து, `Within` என்பதில் `Workbook`, `Look in` என்பதில் `Formulas` வைத்துத் தேடினேன். வெளி ஃபைலின் செல்லைக் காட்டும் ஃபார்முலாவில் அந்த அடைப்புக்குறி இருக்கும். ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் திறக்கும்போது அதே கேள்வி வந்தது. அந்தத் தேடல் செல்களுக்குள் மட்டுமே பார்க்கும். மிச்சம் `Name Manager`-இல் இருந்தது. பார்ட்டிப் பெயர்களைக் கீழிறங்கும் பட்டியலாகக் காட்ட யாரோ வைத்த ஒரு பெயர், இல்லாத இன்னொரு ஃபைலைக் காட்டிக்கொண்டிருந்தது. பட்டியலை இந்த ஃபைலுக்குள்ளேயே கொண்டுவந்ததும் கேள்வி நின்றது.

எல்லா எண்ணையும் வெளியே இழுக்கவில்லை. கிலோவை டன்னாக்கும் 1000 ஃபார்முலாவுக்குள்ளேயே இருக்கிறது. அது என்றைக்கும் மாறாது. பங்க்குக்காரரோ முதலாளியோ துறைமுகமோ மாற்றக்கூடிய எண்ணை மட்டும் வெளியே வைத்தேன். பிறகு பழைய ஷீட்டையும் புது ஷீட்டையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி கழித்தேன். வித்தியாசம் எங்கும் முப்பது ரூபாயைத் தாண்டவில்லை. அந்தத் தாளை முதலாளியிடம் கொடுத்த பிறகே புதியதில் ரேட் போட்டோம்.

2024 மார்ச் 15 அன்று டீசல் விலை குறைந்து சென்னையில் 92.34 ஆனது. காலையில் ஒரு செல்லை மாற்றித் தேதி எழுதினேன். பத்து மணிக்குக் காலடிப்பேட்டையிலிருந்து போன் வந்தது.

"கொறைஞ்சுதாமே. ஒரகடம் எவ்வளவு காட்டுது?"

"எழுபத்தாறு ரூவா கம்மி அண்ணா."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. நாற்பது லிட்டரை மனசுக்குள் பெருக்கிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"ஆங், சரிதான்," என்றார்.