முடிந்ததை மட்டும் காட்டுங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரு சிறு மென்பொருள் அணி, கொழும்பு பஸ்ஸுக்கு ஆசனம் பதியும் செயலி செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிழமை ஸ்பிரிண்ட் முடிகிறது. நாளை ரிவியூ. ஆசனத் தெரிவும் எஸ்எம்எஸ் டிக்கெட்டும் வேலை செய்கின்றன. பதிவை ரத்துச் செய்யும் திரை அழகாக நிற்கிறது, ஆனால் பொத்தானை அழுத்தினால் பணம் திரும்பாது.

அந்தத் திரையையும் காட்டிவிட ஆசை வரும். காட்டினால் பஸ் உரிமையாளர் அது முடிந்துவிட்டது என்றே நினைப்பார், அடுத்த நாளே பயணிகளுக்கும் சொல்லிவிடுவார். 2020இல் வெளியான ஸ்க்ரம் வழிகாட்டி இதில் கண்டிப்பானது: முடிவுக்கான வரையறையை எட்டாத வேலையை ரிவியூவில் காட்டவே கூடாது, அது பேக்லாக்குக்குத் திரும்ப வேண்டும்.

ஆகவே ரிவியூவுக்கான தயாரிப்பு ஸ்லைடில் அல்ல, ஜிராவில் தொடங்க வேண்டும்:

```
sprint in openSprints() AND statusCategory = Done
```

வரும் பட்டியலையும் அப்படியே நம்பக்கூடாது. அட்டையை 'முடிந்தது' பக்கம் இழுத்துவிட யாராலும் முடியும். ஒவ்வொன்றையும் எழுதியவரின் மடிக்கணினியில் அல்லாமல் ஸ்டேஜிங்கில் திறந்து, அதை எழுதாத ஒருவர் ஏற்பு நிபந்தனைகளோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரே ஆசனத்தை இரண்டு கைபேசிகளில் ஒரே நேரத்தில் பதிந்தால் என்ன ஆகிறது? இருவருக்கும் டிக்கெட் போனால் அந்த அட்டையும் டெமோவில் இல்லை.

தேறியவற்றை, பயணி செயலியைத் திறப்பதிலிருந்து டிக்கெட் கிடைக்கும்வரை அவர் போகும் வழியிலேயே அடுக்குங்கள். ரத்துத் திரைக்கான இணைப்பை மறைத்துவிட்டு, அது முடியவில்லை என்பதை உரிமையாளரிடம் வாயால் நேராகச் சொல்லிவிடுங்கள்.