ஒன்பது சம்பளங்கள், ஒரு ஸ்லைட்

எங்கட ஊர் வாசிகசாலையில் ஏ.எல் முடித்த பிள்ளைகளுக்கும் தாய்தகப்பனுக்கும் வேலை தேடுவது பற்றி ஒரு பின்னேர நிகழ்ச்சி வைத்தோம். ஆளுக்கொரு தலைப்பு. எனக்கு வந்தது சம்பளம், அதுவும் ஒரே ஒரு ஸ்லைட்டில். "பத்து நிமிசம்தான், கணக்குப் பாடம் எடுத்துப் போடாத" என்று ஒழுங்கு செய்த அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டா.

நான் சொல்ல நினைத்த விசயத்துக்குக் காரணம் என்ர சித்தியின் மகள். "ஊழியர்களின் சராசரிச் சம்பளம் ஐம்பதாயிரம்" என்று ஓரிடத்தில் சொன்னதை நம்பி வேலைக்குச் சேர்ந்தவள், முதல் மாதம் கையில் 28,000 கூட இல்லாமல் வந்தாள். ஏமாத்திப்போட்டாங்கள் என்று வீட்டில் ஒரே சண்டை. ஆனால் அவர்கள் சொன்னது பொய்யாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. சராசரி உண்மையாகவே ஐம்பதாயிரமாக இருந்துகொண்டு, அங்கே வேலை செய்கிற பெரும்பாலானோர் அதுக்குக் கிட்டவும் போகாமல் இருக்கலாம். இதைக் காட்ட எனக்கு ஒரு உதாரணம் வேணும்.

முதலில் வந்த யோசனை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: பஸ்ஸில் நாற்பது பேர் இருக்க, உலகக் கோடீஸ்வரர் ஒருவர் ஏறினால் பஸ்ஸின் சராசரி வருமானம் எங்கேயோ போய்விடும். சனம் சிரிக்கும், விளங்கும். ஆனால் தவறாக விளங்கும். கோடீஸ்வரர் ஏறினால்தான் சராசரி பிசகும், எங்கட ஊர்க் கடைக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

இரண்டாவது, அரசாங்கப் புள்ளிவிபரம். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 கணக்கெடுப்பில் இலங்கையில் ஒரு வீட்டின் மாத வருமானம் சராசரியாக 76,414 ரூபா. வீடுகளை வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் வீட்டுக்கு 53,333 ரூபா. வித்தியாசம் அழகாகத் தெரிகிறது. ஆனால் அது வீட்டு வருமானம், ஒரு ஆளின் சம்பளம் இல்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் உழைக்கலாம், வாடகையும் வெளிநாட்டுக் காசும் வரலாம். போதாததுக்கு 2022 நெருக்கடிக்கு முந்தின விலைவாசிக் காலத்து எண். இதை எல்லாம் விளங்கப்படுத்தவே என்ர பத்து நிமிசம் முடிஞ்சிடும்.

கடைசியில் மாமியிடம் போனேன். மாமி ஒரு கடையில் கணக்கு எழுதுறவ. முதலாளியைக் கேட்டு, பெயரும் பதவியும் போடக்கூடாது, என்ன கடை என்றும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு மாதச் சம்பளப் பட்டியலைத் தந்தா. ஒன்பது பேர் மட்டும் வேலை செய்கிற இடத்தில் "முகாமையாளர்" என்று ஒரு சொல் போட்டாலே ஊருக்கே ஆளைத் தெரிஞ்சிடும், அதனால் நிபந்தனை நியாயம்தான்.

பட்டியலை அப்படியே போட ஏலாமல் இருந்தது. சிலருக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்த பிறகு கைக்கு வருவதும், சிலருக்குக் கழிக்க முதல் உள்ளதும் எழுதியிருந்தது. எல்லாத்தையும் கழிக்க முதல் உள்ள தொகைக்கு மாற்றினேன். தீபாவளி மாதத்தில் விற்பனைக் கமிசன் சேரும், அதனால் ஒரு சாதாரண மாதத்தை எடுத்தேன். முதலாளியையும் சேர்க்கச் சொல்லி ஒரு ஆசை வந்தது உண்மை. சேர்த்தால் சராசரி இன்னும் எகிறும், ஸ்லைட் இன்னும் எடுபடும். ஆனால் அவர் எடுப்பது லாபம், சம்பளம் இல்லை. விட்டுட்டேன்.

மிஞ்சியது இதுதான்: 30,000, 31,500, 32,000, 34,000, 36,000, 38,500, 42,000, 58,000, 145,000. கூட்டினால் 447,000. ஒன்பதால் பிரித்தால் 49,667. ஐம்பதாயிரம் என்று சொன்னால் யாரும் பிழை பிடிக்க ஏலாது. ஆனால் ஒன்பது பேரில் ஏழு பேர் அதைவிடக் குறைவாக எடுக்கினம். வரிசையில் ஐந்தாவதாக, நட்ட நடுவில் நிற்பவருக்கு 36,000.

அந்த 145,000 காரர் வேலையை விட்டுப் போனார் என்று வையுங்கோ. மிச்ச எட்டுப் பேரின் சராசரி 37,750க்கு விழும், கிட்டத்தட்ட பன்னிரண்டாயிரம் குறையும். எட்டுப் பேரில் நடு ஆள் என்று ஒருவர் இல்லாததால் நடுவில் நிற்கும் இருவரின் பாதியை எடுக்கவேணும்: 35,000. அது ஆயிரம்தான் அசைந்தது. மாறாக, அவருக்கு மட்டும் 45,000 கூட்டிக் கொடுத்தால் சராசரி சரியாக 5,000 ஏறும். மற்ற எட்டுப் பேருக்கும் ஒரு சதமும் கூடியிருக்காது.

ஸ்லைட்டில் ஒரு கோடு, அதில் ஒன்பது புள்ளிகள். முதலில் 58,000க்கும் 145,000க்கும் இடையில் இருந்த வெறுமையை வெட்டிச் சுருக்கியிருந்தேன், இடம் பத்தாதென்று. பிறகு பார்த்தால் சொல்ல வந்த விசயமே அந்த வெறுமைதான். பூச்சியத்திலிருந்து அளவு மாறாமல் திருப்பிக் கீறினேன். எட்டுப் புள்ளிகள் ஒரு பக்கம் நெருக்கியடிக்க, ஒன்று தூரத்தில் தனியே. சராசரியைக் காட்டும் அம்புக்குறி 42,000க்கும் 58,000க்கும் இடையில், ஒருவருமே இல்லாத இடத்தில் போய் நின்றது.

சொற்களிலும் ஒரு சிக்கல். எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒன்று இடை, மற்றது இடையம். சோதனைக்கே மாறி எழுதினவள் நான். திரையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் பின்வரிசை அம்மாமார் பாவம். "சராசரி" என்றும் "நடு ஆளின் சம்பளம்" என்றும் போட்டேன். இடையம் என்ற சொல்லை வாயால் ஒருக்காச் சொன்னேன், பிள்ளைகளுக்காக.

இடையம்தான் நல்லது, சராசரி கள்ளம் என்று சொல்லாமல் இருக்கப் பாடுபட்டேன். மாமிக்கு இடையத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. 36,000ஐ ஒன்பதால் பெருக்கினால் 324,000தான் வரும், அதை வைத்துக்கொண்டு மாதச் சம்பளம் கொடுக்க வெளிக்கிட்டால் 123,000 துண்டு விழும். அவவுக்குச் சராசரிதான் வேணும். அதோட இடையம் மேலே நடப்பதைக் கவனிக்காத மாதிரியே கீழே நடப்பதையும் கவனிக்காது. கடைசி மூன்று பேரின் சம்பளத்தை ஆளுக்கு இரண்டாயிரம் வெட்டினாலும் நடு ஆளுக்கு அதே 36,000தான். இதை ஸ்லைட்டில் போட இடமில்லை, வாயால்தான் சொன்னேன். எத்தனை பேருக்கு ஏறியதோ தெரியாது.

முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா கேட்டா: "அப்ப பிள்ளை, என்ர மகள் போய்ச் சேர்ந்தால் ஐம்பதோ, முப்பத்தாறோ?"

இரண்டுமில்லை. புதுசாகச் சேர்கிறவள் வரிசையின் தொடக்கத்தில்தான் நிற்பாள். 30,000, அதில் 8 வீதம் 2,400 கழித்தால் கைக்கு 27,600. அந்தக் கேள்விக்கு என்ர ஸ்லைட்டில் இருந்த இரண்டு அம்புக்குறியும் உதவவில்லை, இடது பக்கம் கடைசிப் புள்ளியை விரலால் தொட்டுத்தான் காட்டினேன். நேர்முகத்துக்குப் போனால் சராசரியைக் கேட்கவேண்டாம், புதுசாக வாற ஆளுக்கு எவ்வளவு, ஒரு வருசம் முடிஞ்ச ஆளுக்கு எவ்வளவு என்று கேட்கச் சொல்லுங்கோ என்றேன். அவ கைப்பையிலிருந்து ஒரு பேனையை எடுத்து, எங்கட நிகழ்ச்சித் துண்டுக்குப் பின்னால் அந்த இரண்டு கேள்வியையும் எழுதினா.