வரி முடிகிற இடம்

புதுக்கவிதை எழுதுகிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த வரியை ஏன் இங்கே முடித்தீர்கள்?" பலரும் சொல்லும் பதில், "பார்க்க அழகாக இருந்தது" என்பதுதான். முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவள் என்பதால் இந்தப் பதிலை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.

மரபுக்கவிதையில் இந்தக் கேள்விக்கு இடம் குறைவு. குறள் வெண்பா என்றால் முதலடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர். அடி எங்கே முடியும் என்பதைச் சீர்க்கணக்கு சொல்லிவிடும். நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் கடைசியில் ஒரு தனிச்சொல் வரும். அதற்கு முன்னால் ஒரு சிறு கோடு போட்டு அச்சிடுவார்கள். படிக்கிறவரும் அங்கே சற்று நிற்பார். புதுக்கவிதையில் இந்தக் கணக்கு இல்லை. எங்கே முடிப்பது, எங்கே நிற்பது என்ற இரண்டையும் எழுதுகிறவரே முடிவு செய்ய வேண்டும்.

வாக்கியம் முடியாமலே வரி முடிந்து, பொருள் அடுத்த வரிக்குத் தாண்டிப் போவதை மேல்நாட்டார் 'என்ஜாம்மெண்ட்' என்கிறார்கள். காலைத் தூக்கிவைத்துத் தாண்டுவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. வரி முடியாமலே அதன் நடுவில் ஒரு நிறுத்தம் விழுவது 'சிசூரா'. 'வெட்டு' என்ற பொருளுடைய லத்தீன் சொல் அது. நான் இவற்றைத் தாண்டல், நடுநிறுத்தம் என்றே சொல்வது வழக்கம்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, இன்று நாற்பதைக் கடந்தவள், தன் அம்மாவின் முதலாண்டு நினைவுநாளுக்கு ஓர் அட்டை அச்சிட்டாள். அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மூத்த மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவன், திரும்பி வரவே இல்லை. மாணவி எழுதிக் கொடுத்தது இரண்டே வரி:

அண்ணன் வருவான் என்று அம்மா சொல்லவில்லை.
கதவை மூடவும் இல்லை.

அச்சகத்தில் யாரோ, அட்டைக்கு அழகாக இருக்கட்டும் என்று, அதை நான்காக உடைத்து நடுவில் நிறுத்திவிட்டார்கள்:

அண்ணன் வருவான்
என்று அம்மா சொல்லவில்லை.
கதவை மூடவும்
இல்லை.

அட்டையைப் பார்த்ததும் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். "டீச்சர், மூணாவது வரியைப் படிங்க. ஆபீஸ் வாசல்ல ஒட்டுற நோட்டீஸ் மாதிரி இல்ல இருக்கு!" அழுகையும் ஆத்திரமும் கலந்த குரல்.

அவள் சொன்னது சரிதான். 'மூடவும்' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை உண்டு. 'மூடவும் இல்லை' என்று சேர்ந்து வந்தால் ஒரு செயல் நடக்கவில்லை என்று பொருள். தனியாக நின்றால் 'தயவுசெய்து மூடுங்கள்' என்ற அறிவிப்பு. 'இல்லை'யைக் கீழே தள்ளியதும் அம்மாவின் காத்திருப்பு மறைந்து அறிவிப்புப் பலகை வந்துவிட்டது.

ஆனால் அதே அட்டையின் முதல் உடைப்பைப் பாருங்கள் என்று அவளிடம் சொன்னேன். 'அண்ணன் வருவான்' என்பது தனி வரியாக நிற்கும்போது அது ஒரு முழு வாக்கியம், ஓர் உறுதிமொழி. படிக்கிறவர் ஒரு கணம் நம்பிவிடுகிறார். அடுத்த வரியில்தான் அது யாரும் சொல்லாத வார்த்தை என்று தெரிகிறது. அம்மா மனத்துக்குள் வைத்திருந்த நம்பிக்கை வாசகர் மனத்துக்குள்ளும் ஒரு கணம் இருந்துவிட்டுப் போகிறது. ஒரே கை உடைத்த இரண்டு உடைப்புகளில் ஒன்று கவிதைக்கு உதவியது, இன்னொன்று கெடுத்தது.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. நடந்ததா இல்லையா என்பதும், கேள்வியா பதிலா என்பதும் கடைசிச் சொல்லில்தான் தெரியும். அதனால் கடைசிச் சொல்லுக்கு முன்னால் வரியை முடித்தால் உண்மையையே ஒரு வரி தள்ளிப்போடுகிறோம். முடிந்துபோனது போல் தோன்றும் வரியை அடுத்த வரி மாற்றிவிட முடியும். எனவே வரியின் கடைசிச் சொல் தனியாக நிற்கும்போது என்ன பொருள் தருகிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

'உம்' என்று முடியும் சொற்களில் இந்தக் கவனம் கூடுதலாக வேண்டும். 'மழை பெய்யும்' என்றால் வினைமுற்று. 'மழை பெய்யும் ஊர்' என்றால் அதே சொல் பெயரெச்சம். வடிவம் ஒன்றே; பின்னால் பெயர்ச்சொல் வருகிறதா என்பதுதான் வேறுபாடு. அதே மாணவியின் இன்னொரு கவிதையில் இது நன்றாக அமைந்திருக்கிறது:

நண்பகலில் பால் காயும்
விரல்களால் எனக்குத்
தலை பின்னிவிடுவாள்.

முதல் வரியைப் படித்ததும் அடுப்பில் பால் காய்வதாக நினைக்கிறோம். இரண்டாம் வரிக்கு வந்ததும் அது ரப்பர் பால் என்றும், காய்வது அம்மாவின் விரல்களில் என்றும் தெரிகிறது. 'பால் காயும் விரல்களால்' என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் அந்த அடுப்பு நம் கண்ணுக்கு வந்தே இருக்காது.

உடைக்கக் கூடாத இடமும் உண்டு. சொல்லின் நடுவில் வெட்டி, 'சொல்ல' என்பதை ஒரு வரியிலும் 'வில்லை' என்பதை அடுத்த வரியிலும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வில்லை என்றால் மாத்திரை, மூக்குக்கண்ணாடியின் கண்ணாடி. எழுதியவர் நினைக்காத பொருள் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லா வரியையும் தாண்டவிட்டாலும் பயன் இல்லை. நான்கைந்து வரிக்குள் வாசகருக்குப் பழகிவிடும், பிறகு எந்த உடைப்பும் அவரை நிறுத்தாது.

மறு ஆண்டு அட்டைக்கு அந்த இரண்டு வரியையும் மாணவி இப்படி மாற்றினாள்:

அண்ணன் வருவான் என்று அம்மா
சொல்லவில்லை. கதவை
மூடவும் இல்லை.

சொல் ஒன்றும் மாறவில்லை. இப்போது முற்றுப்புள்ளி இரண்டாம் வரியின் நடுவில் விழுகிறது. அதுதான் நடுநிறுத்தம். வாக்கியம் முடிந்துவிட்டது, வரி முடியவில்லை. அந்தப் புள்ளியில் அம்மாவின் மௌனம் இருக்கிறது. அதே வரியிலேயே கதவு வந்துவிடுவதால், சொல்லாத பேச்சும் கதவும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. 'கதவை' என்று வரி முடிந்ததும், கதவை என்ன செய்தாள் என்று கேட்கத் தோன்றுகிறது. பதில் பிரிக்கப்படாமல் முழுதாகக் கீழே வருகிறது. 'அண்ணன் வருவான்' தனியாக நின்ற அழகு இதில் போய்விட்டது. அதை அவளிடம் சொன்னேன். "அண்ணன் வேண்டாம் டீச்சர், இது அம்மாவோட அட்டை" என்றாள்.

வாய்விட்டுப் படிக்கும்போது, தாண்டும் வரியின் கடைசியில் குரலை இறக்காமல் அரை மூச்சு நிற்க வேண்டும். முற்றுப்புள்ளியில் குரலை இறக்கி முழு மூச்சு நிற்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் காதில் விழவில்லை என்றால் உடைப்பு தவறான இடத்தில் இருக்கலாம். கவிதையை உரைநடையாக ஒரே பத்தியில் எழுதி, மறுபடி உடைத்துப் பார்ப்பது நல்ல சோதனை.

அச்சுக்குக் கொடுக்கும்போது வரிகளுக்கு எண் போட்டு, 'வரியை மாற்ற வேண்டாம்' என்று எழுதிக் கொடுங்கள். இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கச் சொல்லுங்கள். அதுவும் முடியாதென்றால் மிஞ்சும் சொல்லை அடுத்த வரியில் நன்றாக உள்தள்ளிப் போடட்டும். அது கவிஞர் உடைத்த இடம் அல்ல என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். எல்லா வரியையும் நடுவில் நிறுத்தி அச்சிட்டால் இந்த உள்தள்ளல் தெரியாது. கவிதையை இடப்பக்கம் ஒட்டி அச்சிடச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.