"நான் குறிப்பிட்ட ஆட்டைத்தானே சேர் பார்த்தன்?"

தரம் 7 பொடியன் ஒருவன் ஆங்கிலத்தில் எழுதிய சின்னக் கதையைத் திருத்திக்கொண்டிருந்தேன். வீதியில் ஓர் ஆட்டைக் கண்டானாம், அது அவனது பையைக் கடித்து இழுத்ததாம். பத்து வரி. 'எ', 'அன்', 'த' மூன்றில் ஒன்றுகூட எழுதவில்லை. கொப்பி முழுக்கச் சிவப்பு.

"குறிப்பிட்ட ஒன்றென்றால் 'த', குறிப்பிடாத ஒன்றென்றால் 'எ'. எத்தனை தரம் சொல்லித் தந்திருக்கிறேன்?" என்றேன்.

அவன் யோசித்துவிட்டுக் கேட்டான். "அப்ப முதல் வரியில ஏன் சேர் 'எ' போட்டிருக்கிறீங்க? நான் குறிப்பிட்ட ஆட்டைத்தானே பார்த்தன்? வெள்ளை ஆடு, ஒரு கொம்பு உடைஞ்சது."

என்னிடம் பதில் இல்லை. அவன் சொன்னது சரி. இத்தனை வருடமாக நான் சொல்லித் தந்த விதிதான் பிழை. 'த' போடுவதற்கு, சொல்பவனுக்கு எந்த ஆடு என்று தெரிந்தால் போதாது. கேட்பவனுக்கும் தெரிய வேண்டும்.

தமிழில் இந்தச் சொற்கள் இல்லை. 'ஒரு', 'அந்த' இரண்டையும் ஈடாகச் சொல்லிக் கொடுப்போம். ஆனால் "சூரியன் உதித்தது" என்கிறோம், "அந்தச் சூரியன்" என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலோ அங்கே 'த' கட்டாயம். அதற்காக நம் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசமே தெரியாது என்றில்லை. "புத்தகம் எடு" என்றால் ஏதோ ஒன்று. "புத்தகத்தை எடு" என்றால் இருவருக்கும் தெரிந்த புத்தகம். அந்த 'ஐ' செய்யும் வேலையில் ஒரு பகுதியைத்தான் 'த' செய்கிறது.

அடுத்த பாடவேளைக்குப் படம் வரைந்த அட்டைகளோடு போனேன்.

முதல் பத்து நிமிடம் 'எ', 'அன்' மட்டும். முட்டை, குடை, சீருடை, புத்தகம், ஒரு மணித்தியாலத்தைக் காட்டும் கடிகாரம். ஒவ்வொன்றின் ஆங்கிலப் பெயரையும் வாயால் சொல்லி, கேட்டபடியே தமிழ் எழுத்தில் எழுதச் சொன்னேன். எக், அம்ப்ரெல்லா, யூனிஃபோர்ம், புக், அவர். உயிரெழுத்தில் தொடங்கினால் 'அன்' குவியல், மற்றவை 'எ' குவியல். குடையும் சீருடையும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில்தான் தொடங்கும். தமிழில் எழுதியதும் ஒன்று 'அ', மற்றது 'யூ' என்று பிரிந்துவிட்டது. தீர்மானிப்பது எழுத்தல்ல, சத்தம் என்பதை நான் விளக்க வேண்டியே வரவில்லை.

பிறகு இரண்டாவது கட்டு. ஒரு கதவுள்ள அறை, மூன்று கதவுள்ள அறை. ஐந்து ஆடு நிற்கும் வயல், ஓர் ஆடு நிற்கும் வயல். சூரியன். குழுவுக்கு ஒரு கேள்விதான் கொடுத்தேன்: "நீங்க சொன்னதைக் கேட்டவர் 'எது?' என்று திருப்பிக் கேட்பாரா?" கேட்பார் என்றால் 'எ', கேட்க மாட்டார் என்றால் 'த'. மூன்று கதவுள்ள அறையில் ஏதாவது ஒன்றைத் திறக்கச் சொன்னால் 'எ'. ஒரே கதவு என்றால் 'த'. சூரியனுக்கும் 'த'.

ஓர் ஆட்டு அட்டையில் சிக்கல் வந்தது. எல்லாக் குழுவும் அதை 'த' குவியலில் போட்டுவிட்டார்கள். படத்தில் ஒன்றுதானே! இப்படியே விட்டால் எண்ணிக்கை பார்த்துப் போடுவதுதான் பழகும். ஒரு பிள்ளையைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். "இவ இந்தப் படத்தைப் பார்க்கல்ல. இவக்கிட்ட ஆட்டைப் பற்றிச் சொல்லுங்க."

வகுப்பு ஒரு நிமிடம் அமைதி. அந்தப் பொடியன்தான் எழும்பி வந்து அட்டையை 'எ' குவியலுக்கு மாற்றினான். "ஐ சோ எ கோட்" என்றான். பிறகு, நான் ஒன்றும் சொல்லாமலே, அதே அட்டையைத் திரும்ப 'த' பக்கம் நகர்த்தினான். "த கோட் புல்ட் மை பேக். இப்ப அவக்குத் தெரியும்தானே சேர்."

ஒரே அட்டை இரண்டு குவியலுக்கும் போகலாம் என்பதுதான் அன்றைய பாடம். அட்டைகளை ஒருமுறை பிரித்து ஒட்டிவிட்டால், ஆட்டுக்கு எப்போதும் 'எ', சூரியனுக்கு எப்போதும் 'த' என்று மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

இந்தக் கேள்வி எல்லா இடத்துக்கும் உதவாது. சோறு, தண்ணீர் போன்ற எண்ண முடியாதவைக்கு 'எ' வராது. படிக்கப் பாடசாலைக்குப் போகிறேன் என்னும்போது பாடசாலைக்கு முன்னால் எதுவுமே வராது. அவற்றை அன்று வேண்டுமென்றே தொடவில்லை.

அவன் கதையைத் திருப்பி எழுதினான். இரண்டு இடத்தில் இன்னும் பிழை. முதல் வரியில் 'எ', இரண்டாம் வரியில் 'த', இரண்டும் சரியாக இருந்தன. என் பாடக்குறிப்பில் 'குறிப்பிட்ட' என்ற சொல்லை வெட்டிவிட்டு, 'கேட்பவருக்குத் தெரிந்த' என்று எழுதிவைத்தேன்.