கஃசு என்ற சொல்லும் என் மருமகனின் சோளமும்

போன வருசம் என் அக்கா மகன் வெளியூர் வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்தான். எங்க மானாவாரி நிலத்துல ஐம்பது சென்ட் அவனுக்குக் கொடுத்தேன். "படிக்க ஏதாவது இருந்தா கொடுங்க மாமா" என்றான். திருக்குறளில் உழவு அதிகாரத்தின் பத்துக் குறளையும் நாலு பக்கத்தில் எளிய தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதில் 1037ஆம் குறளுக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: "நிலத்தை உழுது நன்றாகக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம்."

பையன் கோடை உழவு ரெண்டு தரம் ஓட்டினான், நல்லாவே காயவிட்டான். எரு மட்டும் போடலை. சோளம் முழங்கால் உயரம் வந்ததும் அடி இலையெல்லாம் மஞ்சள் பூத்துப் போச்சு. எனக்கோ தட்டுக்கூட கால்வாசி குறைஞ்சது. "நீங்க எழுதிக் கொடுத்ததுதானே மாமா" என்றான். வள்ளுவர் மேல பழி போட எனக்கு மனசு வரலை. திரும்ப உட்கார்ந்து மூலத்தைப் பார்த்தேன்.

அந்தக் குறளில் என்னைத் தடுக்கி விட்ட சொற்கள் நாலு. புழுதி என்றால் பட்டணத்துக்காரங்களுக்கு ரோட்டில் பறக்கும் தூசி. எங்களுக்கு அது உழுது காய்ந்த மண். புழுதி உழவு, புழுதி விதைப்பு என்று இன்னும் சொல்றோம். அதனால் இதில் சந்தேகமில்லை. 'பிடித்து' என்பதைப் பார்த்தால் கையால் பிடிப்பது போலத் தோணும். ஆனா அது வினைச்சொல் இல்லை, பிடி என்ற அளவைக் குறிப்பது. ஒரு கைப்பிடியில் அடங்கும் எரு என்றே உரை சொல்கிறது. தெரிஞ்ச சொல் மாதிரி இருப்பதுதான் அதிகம் ஏமாத்தும்.

மீதி ரெண்டும் தொடி, கஃசு. தொடிக்கு வளையல் என்றும் பொருள் உண்டு. இங்கே ஒரு பலம் எடை என்று கொள்கிறார்கள். கஃசு என்பது கால் பலம். பரிமேலழகரும் ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி காயவிடுவது என்றே பொருள் எடுக்கிறார். நான் முதலில் எழுதும்போது இந்த ரெண்டையும் 'நன்றாக' என்ற ஒரே சொல்லில் அடக்கிட்டேன். புரியாததை விட்டுட்டு வாக்கியத்தைச் சீராக்கிக்கிட்டேன்.

மழை பெய்த மறுநாள் எங்க செம்மண்ணில் ஒரு கிலோ எடுத்து, தட்டில் பரப்பி, மூணு நாள் வெயிலில் போட்டேன். திரும்ப நிறுத்தால் 810 கிராம். கால் கிலோ ஆக இன்னும் 560 கிராம் குறையணும். காயும்போது போவது தண்ணீர்தான், மண் எங்கே போகும்? நடவுக்கு அடிச்ச சேறு மாதிரி தண்ணியா இருந்தாத்தான் அவ்வளவு இறங்கலாம். ஏர் ஓடும் பக்குவத்தில் அவ்வளவு ஈரம் இருக்காது.

அப்போ கஃசு எடைதானா, மிகுதியைச் சொல்லும் பேச்சா, வேறு எதையாவது கணக்கிட்டுச் சொன்னதா? சொல்லின் பொருள் அகராதியில் தெளிவு. அது இந்த இடத்தில் எதை அளக்கிறது என்பதுதான் தெளிவில்லை. எருவே வேண்டாம் என்ற முடிவு இந்த அளவு என்ற நிபந்தனையில்தான் தொங்குது. நான் நிபந்தனையைத் தொலைச்சுட்டு முடிவை மட்டும் கொடுத்தேன். பையன் அதை வைத்துப் பயிர் வைத்தான்.

இன்னொன்னு, அடுத்த குறளே (1038) உழுவதைவிட எரு இடுவது நல்லது என்கிறது. ரெண்டும் ஒன்னுக்கொன்னு இடிக்கிற மாதிரி இருக்கு என்பதால் நான் முதலில் அதைச் சுருக்கமாகத் தாண்டிட்டேன். இப்போ ரெண்டையும் அப்படியே பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். சுருக்கி எழுதுறவனுக்கு இடிப்பை மறைக்கும் உரிமை இல்லை.

இப்போ எழுதிக் கொடுத்தது இது: "ஒரு பலம் [தொடி] மண் கால் பலம் [கஃசு?] ஆகும் அளவுக்குக் காயவிட்டால், ஒரு பிடி எருவும் இல்லாமல் நிலம் நிறைய விளையும். கேள்விக்குறி ஏனென்றால், வெயிலில் காய்ந்து மண்ணின் எடை இவ்வளவு குறைவதை நம் நிலத்தில் காணவில்லை. இதை நம்பி எருவை நிறுத்த வேண்டாம். அடுத்த குறள் எருவையே முன்னால் வைக்கிறது."

சொல்லை அப்படியே அடைப்பில் வைப்பது என் வழக்கமாயிருச்சு. அது கண்ணில் பட்டாத்தான் படிக்கிறவன் என்னை மறுத்துச் சொல்ல முடியும்.

இந்த வருசம் பையன் ரெண்டு வண்டி தொழுவெரு அடிச்சு உழுதிருக்கான். காகிதத்தைப் பார்த்துட்டு, "இந்தக் கேள்விக்குறி போன வருசமே இருந்திருக்கலாம் மாமா" என்றான்.